இரண்டு பவுண் கொடுத்து இரண்டு பவுண் வாங்கிய கதை

எங்கள் மாதர் சங்கத்தின் சேமிப்புக் குழுவில் அவசரக் கடன் கேட்டு வருபவர்களிடம், எதற்காகக் கடன் என்று நான் கேட்பது வழக்கம். மருந்துச் செலவு, பிள்ளையின் பாடசாலைச் செலவு என்று ஏதாவது சொல்வார்கள். 2023 ஆம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த அக்கா சொன்ன காரணம்தான் என்னை யோசிக்க வைத்தது.

"பழைய காப்பைக் குடுத்துச் சங்கிலி மாத்தினனான் தங்கச்சி. இன்னும் இருபத்தெட்டாயிரத்து ஐம்பது ரூபா கட்டினால்தான் சங்கிலியைத் தருவினமாம்."

அக்காவுக்குக் கணவர் இல்லை. தையல் வேலையில் வரும் வருமானத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். மூத்தவளின் சாமத்தியச் சடங்குக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. தாயார் சீதனமாகக் கொடுத்த ஒரு சோடிக் காப்பு, சரியாக இரண்டு பவுண், வீட்டில் இருந்தது. அதைக் கொடுத்து இரண்டு பவுணில் ஒரு சங்கிலி எடுத்தால் கூலி மட்டும் கட்டினால் போதும், இருபதாயிரம் ரூபாவுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போயிருக்கிறார். கடையில் கேட்டது 113,050 ரூபா. சேமித்து வைத்திருந்த 30,000 ரூபாவைக் கட்டினார். காதில் கிடந்த தோட்டை வங்கியில் அடகு வைத்து 55,000 ரூபா எடுத்துக் கட்டினார். மிகுதிக்குத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

இரண்டு பவுணைக் கொடுத்து இரண்டு பவுணை வாங்க ஓர் இலட்சத்துக்கு மேல் எப்படிப் போகும்? அக்காவுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சீதனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நகைக்கடைப் பற்றுச்சீட்டு ஒன்றை வரி வரியாக வாசித்தது அன்றுதான் முதல் தடவை.

அந்தச் சீட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன். பவுண் என்பது 8 கிராம். அன்று கடையில் 22 கரட் பவுணின் விற்பனை விலை 160,000 ரூபா, அதாவது கிராம் 20,000 ரூபா. (பிறகு விலை வெகுவாக ஏறிவிட்டது. ஆனால் கணக்குப் பார்க்கும் முறை அதேதான்.) புதுச் சங்கிலி 16 கிராம், 320,000 ரூபா. சேதாரம் நூற்றுக்கு 12 வீதம், 1.92 கிராம், 38,400 ரூபா. செய்கூலி 22,400 ரூபா. எல்லாமாக 380,800 ரூபா. அதற்குக் கீழே பழைய தங்கம் 16 கிராம், கழிவு 1 கிராம், மிகுதி 15 கிராம், கிராம் 17,850 ரூபாப்படி 267,750 ரூபா. மேலுள்ளதில் இருந்து இதைக் கழித்தால் 113,050 ரூபா.

கூட்டல் கழித்தலில் ஒரு சதம்கூடப் பிழை இல்லை. இப்படியான சீட்டில் பிழை கூட்டலில் இருப்பதில்லை.

நாங்கள் 'மாற்றுவது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கடைக்காரருக்கு அது இரண்டு வியாபாரம். முதலில் எங்கள் காப்பை அவர் தமது வாங்கும் விலைக்கு வாங்குகிறார். பிறகு தமது சங்கிலியை விற்கும் விலைக்கு எங்களுக்கு விற்கிறார். அன்று 22 கரட் பழைய தங்கத்தை அந்தக் கடை வாங்கிய விலை கிராம் 18,700 ரூபா, விற்ற விலை 20,000 ரூபா. இந்த 1,300 ரூபா வித்தியாசம் கடையின் இலாபம், அதில் ஒளிவுமறைவு இல்லை. கொழும்புச் செட்டியார் தெரு விலையைப் பார்த்துத்தான் ஊர்க் கடைகளும் நாளாந்த விலையைப் போடுகின்றன. ஆனால் வாசலில் எழுதிப் போடுவது பெரும்பாலும் விற்கும் விலையை மட்டுமே. வாங்கும் விலையை நாங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அக்கா கேட்கவில்லை.

அப்படியானால் கிராம் 17,850 ரூபா என்பது எங்கிருந்து வந்தது? அதை அறிய மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி வயதானவர், மரியாதையாகக் கதைத்தார். "அது 21 கரட் விலை பிள்ளை. பழைய காப்பு 22 நிக்காது" என்றார்.

அவர் சொன்னது நியாயமான பேச்சுத்தான். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு சுத்தத் தங்கம், மிகுதி செம்பும் வெள்ளியும். ஆயிரத்துக்கு 916 என்று நகையில் அடிப்பது இதைத்தான். 21 கரட் என்றால் ஆயிரத்துக்கு 875. நகையின் பொருத்துகளை ஒட்டுவதற்குப் பத்தர்மார் பாவிக்கும் பற்றாசு, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். அதற்காக அதில் வேறு உலோகங்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். காப்பு நெளிந்து, வெடித்து, இரண்டு மூன்று தடவை ஒட்டுப் போட்டிருந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் தரம் சற்றுக் குறையும். அக்காவின் காப்பும் அவருடைய அம்மா காலத்திலேயே இரண்டு தடவை ஒட்டுப் போட்டதுதான்.

"அப்ப கழிவு ஒரு கிராம் எண்டு எழுதியிருக்கே, அது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டேன்.

"அழுக்கு, ஒட்டு, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்."

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஒட்டுக்காக ஒரு கிராமைக் கழித்தாயிற்று. அதே ஒட்டினால் தரம் குறைந்தது என்று விலையையும் 21 கரட்டுக்கு இறக்கியாயிற்று. ஒரே குறை நிறையில் ஒரு தடவையும் விலையில் ஒரு தடவையும் கழிபட்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. காப்பு உண்மையில் எத்தனை கிராம், எத்தனை கரட் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

நல்ல காலம், காப்பு இன்னும் பட்டறைக்குப் போகவில்லை. உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு லாச்சிக்குள் வைத்திருந்தார்கள். உருக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "உருக்கினால் பிறகு காப்பு இல்லை, கட்டிதான். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று அக்காவிடம் சொன்னார்.

அவர் சொன்னது முக்கியமான விடயம். உருக்குவதற்கு முன்பு விலை பிடிக்கவில்லையென்றால் நகையை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகலாம். உருக்கிய பிறகு கையில் இருப்பது ஒரு கட்டி. அதை வேறு கடைக்குக் கொண்டுபோனால் இது எங்கிருந்து வந்தது என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆகவே கேட்க வேண்டியதை எல்லாம் உருக்க முன்பே கேட்க வேண்டும். உருக்கிய நிறைக்கா காசு, உருக்க முன்னுள்ள நிறைக்கா? எந்தக் கரட் வந்தால் கிராம் என்ன விலை? அதற்கு மேல் வேறு கழிவு உண்டா? முதலாளி எங்களுக்கு இவற்றைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். 22 கரட் 18,700 ரூபா, 21 கரட் 17,850 ரூபா, உருக்கிய நிறைக்கு, வேறு கழிவு இல்லை. அக்கா கொஞ்ச நேரம் காப்பைக் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்.

கடையின் பின்புறம்தான் பட்டறை. அங்கிருந்த பத்தர் காப்பை எங்கள் முன்னால் தராசில் வைத்தார், 16.00 கிராம். மூசையில் போட்டு வெங்காரம் தூவி உருக்கினார். சித்திர வேலையின் இடுக்குகளில் இருந்த சவர்க்காரமும் எண்ணெயும் ஊத்தையும் புகையாகவும் கசடாகவும் போயின. கட்டி ஆறிய பிறகு நிறுத்தார், 15.80 கிராம். ஊத்தைக்கு உண்மையில் போனது 0.20 கிராம்தான். பிறகு கட்டியில் ஒரு சிறு துண்டு வெட்டி, வெட்டிய பக்கத்தை உரைகல்லில் உரசினார். பக்கத்தில் தரம் தெரிந்த ஊசிகளையும் உரசி, அமிலம் விட்டு நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். கடையில் இருந்த கதிர் பாய்ச்சிப் பார்க்கும் இயந்திரத்திலும் வைத்தார். 875, அதாவது 21 கரட்.

உருக்காமல் அந்த இயந்திரத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாதா என்று பத்தரிடம் கேட்டேன். "அது மேல் தோலைத்தான் பார்க்கும் பிள்ளை. ஒட்டுக்கு மேலே வச்சால் குறையக் காட்டும், முலாம் பூசியிருந்தால் கூடக் காட்டும். உருக்கினால் எல்லாம் ஒண்டாய்க் கலந்திடும், பிறகு எங்கே வச்சாலும் ஒரே கணக்குத்தான்" என்றார்.

இனிக் கணக்கைப் பாருங்கள். உருக்கிய 15.80 கிராமை 21 கரட் விலையான 17,850 ரூபாவால் பெருக்கினால் 282,030 ரூபா. இது ஒரு வழி. மற்ற வழி, தரக் குறைவை நிறையில் கழிப்பது. 15.80 ஐ 21 ஆல் பெருக்கி 22 ஆல் வகுத்தால் 15.08 கிராம் வருகிறது. அதாவது அந்தக் கட்டியில் இருக்கும் தங்கத்தை 22 கரட்டாக நினைத்தால் அவ்வளவு. அதற்கு 22 கரட் விலையான 18,700 ரூபாவைக் கொடுக்க வேண்டும். தசமங்களை வெட்டாமல் பெருக்கினால் அதே 282,030 ரூபா வரும். எந்த வழியில் போனாலும் ஒரே தொகைதான் வர வேண்டும்.

கடைச் சீட்டோ முதல் பாதிக்கு இரண்டாவது வழியிலும் மறுபாதிக்கு முதல் வழியிலும் போயிருந்தது. நிறையை 15 கிராமாகக் குறைத்தபோதே ஊத்தையும் தரக் குறைவும் ஏறக்குறைய முழுவதுமாகக் கழிபட்டுவிட்டன. அந்த 15 கிராமுக்கு 22 கரட் விலை கொடுத்திருக்க வேண்டும். 21 கரட் விலையைப் போட்டதால் 267,750 ரூபா ஆகிவிட்டது. வித்தியாசம் 14,280 ரூபா. அக்கா இரண்டு மாதம் தைத்தாலும் செலவு போக இவ்வளவு மிஞ்சாது.

முதலாளி கணிப்பானை எடுத்து இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். வேண்டுமென்று செய்த களவு என்று என்னால் சொல்ல முடியாது. "கழிவு போடுறது எங்கட அப்பா காலத்து வழக்கம். கரட் விலை போடுறது மிசின் வந்த பிறகு வந்த வழக்கம்" என்றார். பழைய வழக்கத்தையும் விடாமல் புதிய வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டதில் நட்டம் முழுவதும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு. சீட்டில் கழிவு என்று ஒரு வரியும், 22 கரட்டைவிடக் குறைந்த விலையும் சேர்ந்து வந்தால் உடனே கேளுங்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். ஊத்தைக்கு மட்டும் கழிவு என்றால், எங்கள் முன்னால் உருக்கி நிறுத்த அளவுதான் கழிவு.

அடுத்தது சேதாரம். பத்தரின் முன்னால் இருந்த மரப்பலகையையும் அதன் கீழே இருந்த தட்டையும் பார்த்தேன். கையால் சங்கிலி செய்யும்போது தங்கத்தைக் கம்பியாக இழுத்து, வெட்டி, வளையமாக்கி, ஒட்டி, அரத்தால் ராவி, மெருகிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் துகள் போகும். அந்தத் துகளில் பெரும் பகுதி தட்டில் விழுகிறது, அதைச் சேர்த்து மறுபடி உருக்குகிறார்கள். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட எறிவதில்லை, அதையும் அரித்துத் தங்கம் எடுப்பார்கள். உண்மையில் திரும்பக் கிடைக்காமல் போவது மிகச் சிறிய அளவு.

"எனக்குக் கடை தாற சேதாரம் பவுணுக்கு அரைக் கிராமும் இல்லை" என்று பத்தர் மெதுவாகச் சொன்னார். கடை எங்களிடம் எடுத்தது பவுணுக்கு 0.96 கிராம். அதைவிட, அக்கா எடுத்த சங்கிலி இயந்திரத்தில் பின்னியது, அந்தப் பட்டறைக்கே வராதது. இயந்திரச் சங்கிலியில் சேதாரம் இன்னும் குறைவு. ஆகவே சீட்டில் உள்ள சேதாரம் என்பது போன தங்கத்தின் அளவு அல்ல, அந்தப் பெயரில் வரும் கடையின் விலை. விலை என்றால் பேசலாம். 12 வீதம் 8 வீதமாகியிருந்தால் அந்த ஒரு வரியிலேயே 12,800 ரூபா குறைந்திருக்கும். ஆனால் அதை எடுக்க முன்புதான் பேச வேண்டும். அக்கா பேசாமலே சரி சொல்லிவிட்டார். "அது ஒத்துக்கொண்ட விசயம் பிள்ளை" என்று முதலாளி சொன்னபோது எனக்குப் பதில் இருக்கவில்லை.

சேதாரத்தை வீதத்தில் அல்லது கிராமில் சொல்வதில் இன்னொன்றும் இருக்கிறது. பவுண் 40,000 ரூபா விற்ற காலத்தில் இதே சங்கிலிக்கு இதே 12 வீதம் 9,600 ரூபா. பவுண் 160,000 ரூபா ஆனதும் 38,400 ரூபா. சங்கிலியும் அதே சங்கிலி, வேலையும் அதே வேலை.

செய்கூலியில் சிறிய சங்கதி ஒன்று. கிராமுக்கு 1,250 ரூபா என்றார்கள். 16 கிராமுக்கு 20,000 ரூபா வர வேண்டும். சீட்டில் 22,400 ரூபா. சேதாரத்தையும் சேர்த்து 17.92 கிராமுக்குக் கூலி போட்டிருந்தார்கள். எங்கள் கழுத்துக்கு வராத 1.92 கிராமுக்கும் கூலி! இதைக் கேட்டபோது முதலாளி சற்றுக் கோபப்பட்டார். அந்தத் தங்கமும் வேலைக்குள் போய்த்தானே வந்தது, எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்றார். நான் வாதாடினேன், அவர் இறங்கவில்லை. 2,400 ரூபா அங்கேயே நின்றுவிட்டது. கூலி என்ன வீதம் என்று கேட்பவர்கள், எந்த நிறைக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை நான் அந்த 2,400 ரூபாவில் படித்தேன்.

பழைய தங்கத்தின் 14,280 ரூபாவை அவர் மறுக்கவில்லை, பாக்கியில் குறைத்தார். மறுத்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும் எண்ணத்துடன்தான் நான் போயிருந்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் சேதாரம் கூட என்று மட்டும் எழுதினால் அது அதிக தூரம் போகாது, ஒத்துக்கொண்டு வாங்கிய விலை அது. கணக்கில் ஒன்றை இரண்டு தடவை கழித்தார்கள் என்று சீட்டுடன் காட்டுவதே பலமான முறைப்பாடு.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டார், "எல்லாம் நேராய்ப் போட்டிருந்தால் எவ்வளவு முடிஞ்சிருக்கும் தங்கச்சி?"

பஸ்ஸில் இருந்தபடி கணக்குப் போட்டேன். 96,370 ரூபா. சேதாரம் 38,400 ரூபா, கூலி 20,000 ரூபா. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் 19,606 ரூபா. காப்பில் தங்கம் குறைந்ததை நிரப்ப 18,364 ரூபா. எந்தப் பிழையும் இல்லாத கணக்கில்கூட, இரண்டு பவுணை இரண்டு பவுணாக மாற்ற இவ்வளவு போயிருக்கும். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப காப்பை அப்பிடியே மெருகுபோட்டுப் பிள்ளையின்ரை கையில போட்டிருக்கலாம்" என்றார்.

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சபையில் பிள்ளையின் கழுத்து வெறுமையாக இருந்தால் என்னென்ன கதை வரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மிகுதி 13,770 ரூபாவுக்குக் குழுவில் கடன் கொடுத்தோம். அக்கா அதைக் கட்டிச் சங்கிலியை எடுத்து வந்தார். சீட்டைப் புதிதாக எழுதுவித்தோம். சங்கிலியின் நிறை, 22 கரட், சேதாரம், கூலி, உருக்கிய கட்டியின் நிறை, அதன் கரட், வாங்கிய விலை எல்லாம் தனித்தனி வரியாக. என்றாவது இந்தச் சங்கிலியை மாற்றப் போனால் சேதாரமும் கூலியும் திரும்பி வராது. தங்கம் மட்டும்தான் வரும், அதுவும் 22 கரட் என்று எழுதிய தாள் கையில் இருந்தால் பேரம் அங்கிருந்து தொடங்கும். அக்கா அதை மடித்துச் சங்கிலிப் பெட்டியின் அடியில், வங்கியின் அடகுச் சீட்டோடு வைத்திருக்கிறார். தோடு அப்போதும் மீளவில்லை.